சிவப்புக் கோடு சொல்வதும் சொல்லாததும்

பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால், ஃபோகஸ் செய்கிற வேலை முழுக்க விரல்களுக்கு வந்துவிடுகிறது. அந்த லென்ஸில் மோட்டார் கிடையாது. கேமராவோடு பேசும் மின் இணைப்பும் கிடையாது. என்ன லென்ஸ் மாட்டியிருக்கிறது, எந்த அப்பர்ச்சரில் இருக்கிறது என்பதுகூடக் கேமராவுக்குத் தெரியாது. இருந்தும் இந்தக் கேமராக்களில் மேனுவல் ஃபோகஸ் செய்வது, அண்மைக்கால ஆட்டோஃபோகஸ் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் செய்வதைவிடச் சுலபம். சென்சாரில் விழும் படமே நேரடியாகத் திரைக்கு வருவதுதான் காரணம். அந்தப் படத்தின் மீது கேமரா இரண்டு உதவிகளைச் செய்து தருகிறது. கூர்மையாக இருக்கும் விளிம்புகளுக்குச் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டுவது ஒன்று. அதன் பெயர் ஃபோகஸ் பீக்கிங். படத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் பல மடங்கு பெரிதாக்கித் திரை முழுக்கக் காட்டுவது மற்றொன்று. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை நம்பி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். கண் மங்கி, காதோ மூக்கோ பளிச்சென்று விழுந்த படங்களில் பல அப்படி வந்தவைதான்.

இரண்டுமே புதிய எண்ணங்கள் அல்ல. பீக்கிங் தொலைக்காட்சி ஸ்டுடியோ கேமராக்களிலிருந்து வந்தது. அவற்றின் சிறிய கறுப்பு வெள்ளை வியூஃபைண்டரில் கூர்மையான விளிம்புகளை மிகைப்படுத்திக் காட்ட ஒரு திருகு இருந்தது. அதன் பெயரே பீக்கிங்தான். புகைப்படக் கேமராவில் அது பலர் கைக்கு வந்தது 2011 வாக்கில், சோனியின் நெக்ஸ் வரிசை வழியாக. பெரிதாக்கிப் பார்ப்பது அதைவிட மிகப் பழையது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, சொரசொரப்பான கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தை ஒரு சிறு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் பெரிய தகட்டுக் கேமராக்காரர்கள் ஃபோகஸ் செய்தார்கள்.

பீக்கிங் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால், எங்கே ஏமாற்றும் என்பதும் புரிந்துவிடும். ஒரு கண் இமை மயிரை எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு மயிர், பக்கத்தில் வெளிர் தோல். ஃபோகஸ் சரியாக இருந்தால் கறுப்பிலிருந்து வெளிறலுக்கு மாறுவது வெடுக்கென்று, ஓரிரு புள்ளிகளுக்குள் நடந்துவிடும். ஃபோகஸ் தவறினால் அதே மாற்றம் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்குப் பரவிச் சரிவாக நடக்கும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே வெளிச்சம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கேமரா கணக்கிடுகிறது. அந்த வேகம் ஓர் அளவைத் தாண்டினால் அந்த இடத்தில் நிறத்தைப் பூசுகிறது. அவ்வளவுதான். கேமராவின் மெனுவில் இருக்கும் Low, Mid, High என்ற நிலைகள் அந்த அளவை ஏற்றி இறக்குபவை. High வைத்தால் கொஞ்சம் மாற்றம் இருந்தாலும் பூசிவிடும்; Low வைத்தால் மிகக் கூர்மையான விளிம்புக்கு மட்டும் பூசும்.

ஆக, பீக்கிங் அளப்பது வெளிச்ச வேறுபாட்டைத்தான், ஃபோகஸை அல்ல. பொதுவாக இரண்டும் சேர்ந்தே போகின்றன. பிரியும் இடங்கள்தான் சிக்கல். வெள்ளைச் சுவரில் கறுப்பு ஜன்னல் கம்பி இருந்தால், ஃபோகஸ் சற்று விலகியிருந்தாலும் கம்பியின் ஓரம் சிவக்கும். அங்கே வேறுபாடு அவ்வளவு அதிகம். குழந்தையின் கன்னம் துல்லியமாக ஃபோகஸில் இருந்தாலும் அதில் ஒரு கோடும் விழாது; வேறுபாடே இல்லை. இருட்டில் சென்சார் எழுப்பும் இரைச்சல் புள்ளிகளையும் கேமரா விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும். திரை முழுக்கச் சிவப்புப் பூச்சி பறப்பதுபோல மினுக்கிக்கொண்டே இருக்கும்.

இதைவிட முக்கியமான குறை இன்னொன்று உண்டு. பலரும் கவனிக்காதது. பீக்கிங் கணக்கிடுவது சென்சாரின் முழுப் படத்தை வைத்து அல்ல, திரைக்காகச் சுருக்கிய படத்தை வைத்து. சோனி ஆல்ஃபா 7 மார்க் 3 கேமராவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் சென்சாரில் அகலவாக்கில் 6000 பிக்சல்கள். வியூஃபைண்டரில் 23.6 லட்சம் புள்ளிகள் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். அந்தக் கணக்கில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அகலவாக்கில் 1024 பிக்சல்கள்தான். பின்புறத் திரையில் அதுவும் இல்லை, 640. வியூஃபைண்டரில் முழுப் படத்தையும் பார்க்கும்போது, அகலவாக்கில் சென்சாரின் கிட்டத்தட்ட ஆறு பிக்சல்கள் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடுகின்றன. சென்சாரில் ஐந்து பிக்சல் அகலத்துக்கு மங்கியிருக்கும் விளிம்பும் இந்தத் திரையில் கூர்மையாகத்தான் தெரியும். கூர்மையாகத் தெரிவதால் பீக்கிங் அதற்கும் சிவப்பைப் பூசும்.

ஐந்து பிக்சல் மங்கல் பெரிதா என்று கேட்கலாம். அதை ஒரு நிஜமான படத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

லென்ஸ் ஹீலியோஸ் 44-2. சோவியத் யூனியனில் ஏராளமாகச் செய்யப்பட்டு, இன்றும் பழைய லென்ஸ் சந்தையில் எளிதாகக் கிடைப்பது. 58 மி.மீ. குவியத் தூரம், அதிகபட்சத் திறப்பு f/2. பின்புறம் எம்42 திருகு மரை. சோனி கேமராவில் மாட்ட ஓர் உலோக வளைய அடாப்டர் போதும். எம்42 லென்ஸுக்கு ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், சோனி கேமராவின் முகப்பு சென்சாரிலிருந்து 18 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, மீதி 27.46 மி.மீ. அடாப்டரின் கனம். அதில் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் இடைவெளி.

படம், திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் ஒரு பாட்டி. காலை வெயில் நேராக விழாத நிழல் வெளிச்சம். கேமராவிலிருந்து முகம் ஒரு மீட்டர் தூரம். லென்ஸ் முழுதும் திறந்து f/2-இல் எடுக்க வேண்டும், பின்னால் சுவரும் தூணும் கரைந்து போக வேண்டும்.

இந்தத் தூரத்தில், இந்தத் திறப்பில், கூர்மை என்று வழக்கமாக ஏற்றுக்கொள்ளப்படும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து சுமார் 3.5 செ.மீ. இந்த 'வழக்கம்' எங்கிருந்து வருகிறது? சென்சாரில் 0.03 மி.மீ. வரை மங்கினால் சாதாரண அளவு பிரிண்டில் கண்ணுக்குத் தெரியாது என்ற பழைய கணக்கிலிருந்து. இந்தச் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.006 மி.மீ. ஐந்து பிக்சல் சேர்ந்தால் 0.03 மி.மீ. அதாவது மேலே சொன்ன அதே ஐந்து பிக்சல். முழுப் படமாகப் பார்க்கும்போது இந்த 3.5 செ.மீ. ஆழத்துக்குள் எங்கே ஃபோகஸ் நிற்கிறது என்பதை வியூஃபைண்டரால் பிரித்துக் காட்டவே முடியாது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். படத்தைக் கணினியில் முழு அளவில் திறந்து பார்க்கும்போதோ ஏ3 அளவில் பிரிண்ட் போடும்போதோ மட்டும் மங்கல் வெளியே வரும். பிக்சல் அளவில் கூர்மை வேண்டுமென்றால் கிடைக்கும் ஆழம் வெறும் 7 மி.மீ.

பாட்டியின் மூக்கில் ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி. பீக்கிங்கைப் போட்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் முதலில் பளீரென்று சிவப்பது அதுதான். கல்லில் பட்டு வரும் ஒளிக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு முகத்தில் வேறெங்கும் இல்லை. அடுத்துச் சிவப்பது மூக்குக்கண்ணாடியின் சட்டம். கண்ணைவிட ஓரிரு செ.மீ. முன்னால் இருப்பது அது. கண் இமையில் மெல்லிய கோடு விழுந்தும் விழாமலும் இருக்கும். வயதானவர்களுக்கு இமை மயிர் அடர்த்தியாக இருப்பதில்லை, நரைத்தும் இருக்கும். முகம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறதே என்று இந்த நிலையில் ஷட்டரை அழுத்தினால், மூக்குத்தி வைரம்போல ஜொலிக்கும், கண் பஞ்சாக இருக்கும்.

முதலில் கேமராவைத் தயார் செய்துகொள்ள வேண்டும். மின் இணைப்பு இல்லாத லென்ஸை மாட்டினால், லென்ஸே இல்லை என்று நினைத்துச் சோனி கேமரா ஷட்டரைத் திறக்காது. மெனுவில் `Release w/o Lens` என்பதை `Enable` என்று வைக்க வேண்டும். லென்ஸின் குவியத் தூரம் தெரியாததால் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பும் தடுமாறும். `SteadyS. Focal Len.` என்ற இடத்தில் 58 அல்லது அதற்கு மிக நெருங்கிய எண்ணைக் கொடுக்க வேண்டும். முந்தைய தடவை மாட்டிய 135 மி.மீ. லென்ஸின் எண்ணை மாற்றாமல் விட்டால், படம் நிற்பதற்குப் பதிலாக நீந்த ஆரம்பிக்கும். பெரிதாக்கிப் பார்க்கும்போது இது உடனே தெரிந்துவிடும்.

படத்தை ரா வடிவத்தில் பதிவு செய்துகொண்டு, திரையில் தெரியும் படப் பாணியைக் கறுப்பு வெள்ளையாக வைப்பது பலர் கையாளும் நல்ல உத்தி. பாட்டியின் அரக்குச் சேலைமேல் சிவப்புக் கோடு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது; சாம்பல் நிறப் படத்தில் சிவப்பு ஒன்றே நிறம், தப்பாமல் தெரியும். ரா கோப்பில் நிறம் முழுசாக இருக்கும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். வண்ணத்திலேயே பார்க்க வேண்டும் என்பவர்கள் காட்சியில் இல்லாத நிறத்தைப் பீக்கிங்குக்குத் தேர்ந்தெடுக்கலாம். செடி கொடிக்குச் சிவப்பு, சிவப்புச் சேலைக்கு மஞ்சளோ வெள்ளையோ.

பீக்கிங் நிலையை எப்படி வைப்பது என்பது லென்ஸைப் பொறுத்தது. ஹீலியோஸ் போன்ற பழைய லென்ஸ்கள் முழுத் திறப்பில் சற்றுப் பால் படிந்தாற்போல, மென்மையாகத்தான் படம் வரையும். Low வைத்தால் எங்குமே கோடு விழாமல் போகலாம். Mid-இல் தொடங்கி, சிவப்பு அதிகமாகப் பரவினால் குறைத்துக்கொள்வதே வழி. High நிலையைக் கண்டு மகிழ்கிறவர்கள் அதிகம். திரை அழகாகச் சிவந்து நம்பிக்கை தருகிறது. ஆனால் எல்லாம் சிவந்தால் எதுவும் தெரிவதில்லை.

பெரிதாக்கும் வசதியைக் கைக்கு எட்டும் பொத்தான் ஒன்றுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். கேமராவுக்கென்றே வந்த லென்ஸாக இருந்தால் வளையத்தைத் திருப்பியதும் திரை தானாகப் பெரிதாகும். பழைய லென்ஸில் வளையம் திரும்புவதே கேமராவுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும். C1 பொத்தானில் `Focus Magnifier` வைத்துவிட்டு, `Focus Magnif. Time` என்பதை `No Limit` ஆக்கினால், பாதி வேலையில் திரை பழைய அளவுக்குத் திரும்பி எரிச்சலூட்டாது.

இனி படம். பீக்கிங்கோடு முழுப் படத்தையும் பார்த்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது, சிவப்புக் கோடுகள் ஓர் அலைபோல நகர்வது தெரியும். தூணில் தொடங்கி, காது, தோடு, கன்னத்துச் சுருக்கம், கண்ணாடிச் சட்டம், மூக்கு, பூத்தொடுக்கும் விரல்கள் என்று பின்னாலிருந்து முன்னால் வரும். இந்த அலையைப் பார்ப்பதுதான் பீக்கிங்கின் உண்மையான பயன். ஃபோகஸ் எந்தப் பக்கம் போகிறது, இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இதைப்போல வேகமாகக் காட்டும் உதவி வேறில்லை. அலை முகத்துக்கு வந்ததும் வளையத்தை நிறுத்திவிட வேண்டும். பீக்கிங்கின் வேலை இங்கே முடிந்தது.

பிறகு C1. ஒரு சிறு சட்டம் திரையில் தோன்றும். அதை நகர்த்திக் கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணின்மேல் கொண்டுபோய் வைத்துப் பெரிதாக்க வேண்டும். இந்தக் கேமராவில் முதல் நிலை 5.9 மடங்கு, அடுத்தது 11.7 மடங்கு. இந்த விசித்திரமான எண்கள் ஏன் என்று ஒரு வகுத்தல் போட்டால் தெரிந்துவிடும். 6000-ஐ 1024-ஆல் வகுத்தால் 5.86. 5.9 மடங்கு என்பது சென்சாரின் ஒரு பிக்சலும் வியூஃபைண்டரின் ஒரு பிக்சலும் சமமாகும் அளவு. லென்ஸ் சென்சாரில் வரைவதை அதன் முழு நுணுக்கத்தோடு பார்க்க இது போதும். 11.7 மடங்கு வைத்தால் ஒவ்வொரு பிக்சலும் இரட்டிப்பாகத் தெரியும், புதிய விவரம் எதுவும் வராது. கை நடுக்கமும் இரட்டிப்பாகும். கையில் பிடித்து வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பவர்களுக்கு 5.9 நிலையே நல்லது. பின்புறத் திரையில் கதை வேறு. 640 பிக்சல் அகலத்துக்குள் 5.9 மடங்கிலும் கொஞ்சம் சுருக்கம் இருக்கவே செய்கிறது. முக்காலியில் நிறுத்தித் திரையைப் பார்த்து வேலை செய்யும்போது 11.7 உதவும்.

பெரிதாக்கிய கண்ணில் எதைப் பார்ப்பது? விழியின் வெள்ளையும் கருவிழியும் சேரும் வட்டம் பெரும்பாலும் இயல்பாகவே மென்மையானது, அது தீர்ப்புக்கு உதவாது. கீழ் இமையின் ஈர விளிம்பு, இமை மயிர், கருவிழியில் தெரியும் வாசல் வெளிச்சத்தின் ஓரம் இவை மூன்றும் நம்பத் தகுந்தவை. வளையத்தை நிதானமாகத் திருப்பி, இமை மயிர் தெளிந்து வருவதைப் பார்த்து, தெளிவின் உச்சத்தைத் தாண்டி மறுபடி மங்கும் வரை போக வேண்டும். தாண்டினால்தான் உச்சம் எது என்று தெரியும். பிறகு திரும்பி வர வேண்டும், மறுபடி சற்றுத் தாண்ட வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஊசலாட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நடுவில் நிற்க வேண்டும். 'இப்போது தெளிவாக இருக்கிறது' என்று உச்சத்துக்கு முன்பே நின்றுவிடுவதுதான் வழக்கமான தவறு. பழைய லென்ஸின் வளையம் நீளமாகத் திரும்பக்கூடியதாக இருப்பது இங்கே ஒரு வரம்.

இந்த நிலையில் பீக்கிங்கை வைத்திருப்பதா நிறுத்துவதா? பெரிதாக்கும்போது விளிம்புகள் அதிகப் பிக்சல்களில் விரிவதால் நிறக்கோடு மெலிந்துவிடும். சில கேமராக்களில் பெரிதாக்கியதும் பீக்கிங் தானாகவே மறைந்துவிடும். மறையாத கேமராக்களில் நிறுத்திவைப்பதே மேல். இமை மயிரின் கூர்மையைப் பார்க்க வேண்டிய இடத்தில் அதன்மேலேயே சிவப்பு மையைப் பூசிக்கொள்வதில் பொருளில்லை.

ஃபோகஸ் நின்றதும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். 7 மி.மீ. என்பது பாட்டி மூச்சு விடும்போது முகம் முன்பின் அசையும் தூரத்துக்குள் அடங்கிவிடும். எடுப்பவர் நின்றபடி அசைவதோ அதைவிடக் கூடுதல். "பாட்டி, அப்படியே இருங்க" என்று சொல்வது உதவாது. சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பூவைத் தொடுத்துக்கொண்டே இருக்க விடுவதுதான் நல்லது. முழங்கையை முட்டியில் ஊன்றி, ஃபோகஸ் சரியானதும் மூன்று நான்கு படங்களை அடுத்தடுத்து எடுத்துவிட்டால், அவற்றில் ஒன்று பழுதில்லாமல் அமையும். பல கேமராக்களில் ஷட்டரைப் பாதி அழுத்தியதும் திரை முழுப் படத்துக்குத் திரும்பும்; அந்த அரை நொடியில் சட்டகத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தைக் கண்ணுக்கு நகர்த்தச் சோம்பல்பட்டு, நடுவிலேயே பெரிதாக்கிக் கண்ணை ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கிறவர்கள் உண்டு. அதில் நிச்சயமான பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. ஃபோகஸ் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, கேமராவுக்கு இணையான ஒரு தளத்தில் நிற்கிறது. கேமராவைத் திருப்பினால் தளமும் திரும்பும், கண் தளத்துக்கு முன்னால் வந்துவிடும். ஒரு மீட்டர் தூரத்தில் 10 பாகை திருப்பினால் பிழை 1.5 செ.மீ. இருக்கிற ஆழத்தில் கண்ணுக்கு முன்னே உள்ள பாதி 1.8 செ.மீ.தான். படம் தப்பிக்கும், ஆனால் கூர்மை கண்ணிலிருந்து கன்னத்துக்குப் போய்விடும்.

எடுத்த படத்தை அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கண் மங்கியிருந்தால் எது கூர்மையாக இருக்கிறது என்று தேட வேண்டும். மூக்குத்தியும் பூவும் கூர்மை என்றால் ஃபோகஸ் முன்னால் நின்றுவிட்டது. காதுத் தோடு கூர்மை என்றால் பின்னால் போய்விட்டது. எங்குமே கூர்மை இல்லை, எல்லா விளிம்பும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது என்றால் அது ஃபோகஸ் பிழையே அல்ல, கை நடுக்கம். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் தீரும். எல்லாப் படங்களும் ஒரே பக்கம் தவறினால் கையில் கோளாறு. இரண்டு பக்கமும் மாறி மாறித் தவறினால் உடல் அசைவு.

லென்ஸை முழுதும் திறக்காமல் f/4-இல் எடுக்க வேண்டும் என்றால் ஒரு நுணுக்கம் சேர்கிறது. ஹீலியோஸ் 44-2-இல் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் f/4 என்று முன்கூட்டியே குறித்துவிட்டால், மற்றொன்றைத் திருப்பி f/2-க்கும் f/4-க்கும் இடையே கண்ணை எடுக்காமல் போய்வரலாம். f/2-இல் திறந்து ஃபோகஸ் செய்தால் ஆழம் குறைவு, உச்சம் துல்லியமாகத் தெரியும். பிறகு மூடி எடுக்கலாம். மூடியபடி ஃபோகஸ் செய்தால் ஆழம் கூடுவதால் பீக்கிங் தாராளமாகச் சிவக்கும், உச்சம் எங்கே என்று தெரியாது. ஆனால் சில லென்ஸ்களில், குறிப்பாகப் பழைய அதிவேக லென்ஸ்களில், ஓரத்துக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அப்பர்ச்சரை மூடினால் ஓரத்துக் கதிர்கள் வெட்டுப்பட்டு, ஃபோகஸ் தளமே சற்று நகர்ந்துவிடும். கையில் இருக்கும் லென்ஸ் அப்படிப்பட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது. அளவுகோல் ஒன்றை மேசைமேல் சாய்வாக வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, அளவுகோலின் நடுக் கோட்டில் முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்து, வளையத்தைத் தொடாமல் f/2, f/2.8, f/4 என்று மூன்று படம் எடுத்தால் போதும். கூர்மையின் நடு அந்தக் கோட்டிலிருந்து நகர்ந்தால், அந்த லென்ஸில் எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பீக்கிங் அறவே உதவாத இடம் இரவு வானம். நட்சத்திரத்தின் புள்ளி மிகச் சிறிது, திரையோ இரைச்சலால் நிறைந்தது. சிவப்பு எங்கே விழுந்தாலும் அதற்குப் பொருளில்லை. லென்ஸில் பொறித்த முடிவிலிக் குறியையும் நம்ப முடியாது. அடாப்டர் செய்பவர்கள் முடிவிலி எட்டாமல் போய்விடக் கூடாதென்று வளையத்தின் கனத்தை ஒரு மயிரிழை குறைத்தே செய்கிறார்கள். அதனால் வளையம் முட்டி நிற்கும் இடம் முடிவிலியைத் தாண்டி இருக்கும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தையோ தொலைதூர விளக்கையோ அதிகபட்சமாகப் பெரிதாக்கி, அந்த ஒளி மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை நிறுத்தி, அசையாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவதுதான் வழக்கம். முக்காலி இருப்பதால் 11.7 மடங்கும் இங்கே தொல்லை தராது.

பெரிதாக்குவது உதவாத இடமும் உண்டு. தெருவில் நடந்து வருகிறவரை எடுக்கும்போது பெரிதாக்கினால், சட்டத்துக்குள் அவர் இருக்கவே மாட்டார். அங்கே அப்பர்ச்சரை மூட வேண்டும். இதே 58 மி.மீ. லென்ஸில் f/5.6 வைத்தால், மூன்று மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 90 செ.மீ. ஆழம் கிடைக்கும். அவர் கடக்கப்போகும் இடத்தில் உள்ள நடைபாதைக் கல்லின்மேல் முன்கூட்டியே சிவப்பு விழவைத்துவிட்டு, அவர் அந்தக் கல்லை மிதிக்கும்போது அழுத்தினால் போதும். 90 செ.மீ. ஆழத்தில் பீக்கிங்கின் தோராயம் ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் முழுத் திறப்பு, அருகில் முகம், அதுவும் ஓடியாடும் குழந்தையின் முகம் என்றால் சிவப்புக் கோடும் கைகொடுக்காது, பூதக்கண்ணாடியும் கைகொடுக்காது. பழைய லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஆட்டோஃபோகஸ் லென்ஸை மாட்டிக்கொள்ளுங்கள்.